ஒரே வாரம், மூன்று வரைபடங்கள்: கோடு, பார், கேண்டில் எதைக் காட்டும், எதை மறைக்கும்

கொழும்புப் பங்குச் சந்தையில் வாங்கி விற்க இப்போது கொழும்புக்குப் பஸ் ஏறத் தேவையில்லை. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மாங்குளத்திலும் இருந்தபடியே கைபேசியில் விலை பார்க்கிறார்கள், கட்டளை போடுகிறார்கள். பல செயலிகள் திறந்தவுடன் காட்டுவது ஒற்றைக் கோடு. அந்தக் கோட்டை மட்டும் நம்பிப் பணம் போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதைக்கிறது. கோடு பொய் சொல்வதில்லை. ஆனால் ஒரு நாளுக்கு நான்கு விலைகள் இருக்க, அது ஒன்றை மட்டுமே சொல்கிறது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்த நான்கு விலைகளும் புதியவை அல்ல. மாரிப்போக அறுவடை நேரம் பரந்தன் சந்தியில் லொறியை நிறுத்தி நெல் வாங்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். காலையில் முதல் மூட்டையை என்ன விலைக்கு எடுத்தார் என்பது தொடக்க விலை. அன்று கொடுத்ததில் ஆகக் கூடியது உச்ச விலை. ஆகக் குறைந்தது தாழ்ந்த விலை. லொறியின் பின்கதவைப் பூட்டுமுன் கடைசி மூட்டைக்குக் கொடுத்தது முடிவு விலை. பங்குச் சந்தையிலும் இதே நான்குதான். திரையில் O, H, L, C என்று இந்த ஒழுங்கிலேயே இருக்கும். கொழும்பில் வழக்கமான வணிகம் காலை 9.30க்குத் தொடங்கிப் பிற்பகல் 2.30க்கு முடிகிறது. ஒரு நாள் வரைபடத்தின் நான்கு விலைகளும் அந்த ஐந்து மணித்தியாலத்தின் கதை.

இந்த வழிகாட்டியில் ஒரு பங்கின் ஒரு வாரத்தை எடுத்து மூன்று விதமாகவும் வரைவோம். பங்கு கற்பனையானது. எண்களை நான் வேண்டுமென்றே இப்படி அமைத்திருக்கிறேன், ஏனென்றால் மூன்று வரைபடங்களும் எங்கே ஒன்றையொன்று விட்டுப் பிரிகின்றன என்பது இதில் தெளிவாகத் தெரியும். கையால் வரைந்து பாருங்கள். சதுரக் கோடு போட்ட கொப்பி, பென்சில், அடிமட்டம் போதும். ஒரு சதுரம் 50 சதம் என்று வைத்தால் 45 ரூபாவிலிருந்து 55 ரூபா வரை இருபது சதுரம் உயரம் வேண்டும்.

| நாள் | தொடக்கம் | உச்சம் | தாழ்வு | முடிவு |
|---|---|---|---|---|
| திங்கள் | 50.00 | 52.00 | 49.50 | 51.50 |
| செவ்வாய் | 51.50 | 55.00 | 51.00 | 51.50 |
| புதன் | 48.00 | 50.50 | 47.50 | 50.00 |
| வியாழன் | 50.00 | 51.00 | 45.00 | 50.50 |
| வெள்ளி | 50.50 | 53.00 | 48.50 | 51.50 |

படி 1: முதலில் கோடு

ஒவ்வொரு நாளுக்கும் முடிவு விலையில் ஒரு புள்ளி வையுங்கள்: 51.50, 51.50, 50.00, 50.50, 51.50. புள்ளிகளை இணைத்தால் கோட்டு வரைபடம் முடிந்தது. தொடக்கமும் உச்சமும் தாழ்வும் இதில் வரவே இல்லை. இருபது எண்களில் பதினைந்தை நாம் தொடவில்லை.

வவுனியாவில் வேலை செய்யும் என் மருமகளிடம் இந்தக் கோட்டைக் காட்டி, "இந்த வாரம் இந்தப் பங்குக்கு என்ன நடந்தது?" என்று கேட்டேன். "ஒண்டும் நடக்கேல்லை மாமா. கொஞ்சம் இறங்கித் திரும்ப ஏறியிருக்கு, அவ்வளவுதான்" என்றாள். கோட்டைப் பார்த்தால் அப்படித்தான் சொல்ல முடியும். வாரம் முழுவதும் அது ஒன்றரை ரூபாவுக்குள் அசைகிறது. ஆனால் அதே வாரத்தில் ஒருவர் 55 ரூபாவுக்கு வாங்கியிருக்கிறார், இன்னொருவர் 45 ரூபாவுக்கு விற்றிருக்கிறார். பத்து ரூபா இடைவெளி கோட்டில் அடையாளமே இல்லாமல் போய்விட்டது.

கோட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஓடும் சாய்வு யாரும் வாங்கி விற்ற விலை அல்ல. அதை நாம் அடிமட்டம் வைத்து இழுத்தோம். 2022 ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறை முடிந்ததும் 18ஆம் திகதியிலிருந்து ஒரு வாரம் கொழும்புச் சந்தை மூடப்பட்டது. 25ஆம் திகதி திறந்தபோது விலைகள் கடுமையாக விழுந்து வணிகம் இடையில் நிறுத்தப்பட்டது. அந்தக் காலத்தைக் கோட்டில் பார்த்தால் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குச் சரிவாக ஒரு கோடு இறங்கும், நடுவில் எங்காவது விற்றுத் தப்பியிருக்கலாம் என்று தோன்றும். அந்தச் சரிவில் விற்கச் சந்தையே திறந்திருக்கவில்லை. பாரும் கேண்டிலும் நாட்களைத் தனித்தனியாக நிறுத்துவதால், நடுவில் வெற்றிடம் இருப்பது கண்ணுக்குத் தெரியும்.

படி 2: அதே வாரம், பார்

பள்ளிக்கூடத்தில் படித்த சலாகை வரைபை இங்கே மறந்துவிடுங்கள். அங்கே சலாகை அடிக்கோட்டிலிருந்து எழும்பும். பங்குச் சந்தைப் பார் தாழ்ந்த விலையில் தொடங்கி உச்ச விலையில் முடியும் மெல்லிய நிலைக்குத்துக் கோடு. திங்களுக்கு 49.50இலிருந்து 52.00 வரை, அதாவது ஐந்து சதுரம். அந்தக் கோட்டின் இடப்பக்கம் தொடக்க விலையில் (50.00) ஒரு சிறு கிடைக்கோடு. வலப்பக்கம் முடிவு விலையில் (51.50) ஒரு சிறு கிடைக்கோடு. நேரம் இடமிருந்து வலமாக ஓடுகிறது, ஆகவே காலை இடப்பக்கம், மாலை வலப்பக்கம். இதை ஒருமுறை மனதில் வைத்தால் பிறகு குழப்பம் வராது.

ஐந்து நாட்களையும் வரைந்து முடித்தால் முதலில் கண்ணில் படுவது உயரங்கள். வியாழன் பார் பன்னிரண்டு சதுரம் நீளம், திங்களின் பார் ஐந்துதான். ஒரு நாளில் விலை எவ்வளவு தூரம் அலைந்தது என்பதைப் பார் போல நேரடியாக வேறெதுவும் காட்டாது.

செவ்வாயின் இடக்கோடும் வலக்கோடும் 51.50இல் ஒரே உயரத்தில் இருக்கும். பாரின் மீதி ஏறக்குறைய முழுவதும் அவற்றுக்கு மேலே நிற்கும். மேலே 55 வரை போய், வாங்க ஆளில்லாமல், தொடங்கிய இடத்துக்கே திரும்பியிருக்கிறது. கோட்டில் இது திங்களிலிருந்து செவ்வாய்க்குச் சமதரையாகக் கிடந்தது.

சில இடங்களில் இடப்பக்கக் கோடே இல்லாத பார் வரும். அது உச்சம், தாழ்வு, முடிவு மூன்றை மட்டும் காட்டுகிறது, தொடக்கத்தை விட்டுவிட்டது. அந்தப் பாரைப் பார்த்து "காலையிலிருந்து ஏறியதா இறங்கியதா" என்று சொல்ல முடியாது. வரைபடத்தைப் பெரிதாக்கி இடக்கோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படியுங்கள்.

படி 3: அதே வாரம், கேண்டில்

கேண்டில் வரைபடம் ஜப்பானிய அரிசி வணிகர்களின் பழக்கத்திலிருந்து வந்தது. ஒசாக்காவின் டோஜிமா அரிசிச் சந்தைக்கு அங்கிருந்த அரசு 1730இல் முறையான அங்கீகாரம் கொடுத்தது. நெல்லை நம்பி வாழும் எங்களுக்கு அந்நியமான வேரல்ல.

வரையும் முறை இதுதான். தொடக்க விலைக்கும் முடிவு விலைக்கும் நடுவே ஒரு பெட்டி போடுங்கள். அது உடல். முடிவு தொடக்கத்தை விட உயரம் என்றால் பச்சை, தாழ்வு என்றால் சிவப்பு. கொப்பியில் என்றால் வெறுமையாக விடுவதும் கறுப்பாக நிரப்புவதும் போதும். உடலின் மேல்விளிம்பிலிருந்து உச்ச விலை வரை ஒரு மெல்லிய கோடு, கீழ்விளிம்பிலிருந்து தாழ்ந்த விலை வரை இன்னொன்று. இவை திரிகள். நிறம் எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. ஜப்பானிலும் சீனாவிலும் ஏற்றத்துக்குச் சிவப்பு போடுவார்கள். வெளிநாட்டு வரைபடம் பார்க்கும்போது அமைப்பில் நிறத்தை முதலில் சரிபாருங்கள்.

திங்கள்: 50.00 முதல் 51.50 வரை பச்சை உடல், மேலும் கீழும் 50 சதத் திரிகள். செவ்வாய்: தொடக்கமும் முடிவும் ஒன்று, ஆகவே உடலே இல்லை, ஒரு கிடைக்கோடு மட்டும். அதன்மேல் மூன்றரை ரூபா நீளத் திரி. உடலில்லாத இப்படியான கேண்டிலை ஜப்பானியர் டோஜி என்பார்கள்.

பாரிலும் கேண்டிலிலும் உள்ள தகவல் அச்சொட்டாக ஒன்றுதான். ஒன்றிலிருந்து மற்றதை ஒரு எண் குறையாமல் வரைந்துவிடலாம். வித்தியாசம் கண் எங்கே போகிறது என்பதில் இருக்கிறது. பாரில் கண் முழு நீளத்துக்குப் போகிறது. கேண்டிலில் நிறத்துக்கும் உடலுக்கும் போகிறது, திரி பின்னால் நிற்கிறது. கேண்டிலின் கவர்ச்சியும் ஆபத்தும் அந்த நிறத்திலேயே இருக்கின்றன. புதன்கிழமை அதற்குச் சாட்சி.

படி 4: புதன், ஏமாற்றும் பச்சை

புதன் 48.00இல் தொடங்கி 50.00இல் முடிந்தது. முடிவு தொடக்கத்தை விட உயரம், ஆகவே பச்சைக் கேண்டில், இரண்டு ரூபா உடல், வாரத்திலேயே பெரிய உடல். மருமகளிடம் கேண்டில் வரைபடத்தைக் காட்டியபோது புதனைத்தான் முதலில் தொட்டாள். "இது நல்ல நாள்." அன்று கையில் பங்கு வைத்திருந்தவருக்கு அது நட்ட நாள். செவ்வாய் 51.50இல் முடிந்தது, புதன் 50.00. ஒன்றரை ரூபா போயிற்று, கிட்டத்தட்ட 2.9 சதவீதம். செயலியின் விலைப்பட்டியலில் அதே பங்கு சிவப்பில் −1.50 என்று நிற்கும், வரைபடத்தில் பச்சை நிற்கும். பலர் செயலியில் பிழை என்று நினைத்துவிடுகிறார்கள்.

பிழை இல்லை. விலைப்பட்டியல் இன்றைய விலையை நேற்றைய முடிவோடு ஒப்பிடுகிறது. கேண்டிலின் நிறமோ இன்றைய முடிவை இன்றைய தொடக்கத்தோடு மட்டும் ஒப்பிடுகிறது. இரவில் கெட்ட செய்தி வந்து, காலையில் விலை 51.50இலிருந்து 48.00க்கு ஒரே தாவாகத் தாவியதை அது கணக்கில் எடுக்காது. அந்தத் தாவல் இரண்டு கேண்டில்களுக்கு நடுவே வெற்றிடமாகக் கிடக்கும், நிறம் கண்ணைப் பறிப்பதால் அந்த வெற்றிடத்தைக் கவனிக்க மாட்டோம். செவ்வாயின் தாழ்வு 51.00, புதனின் உச்சம் 50.50. நடுவிலுள்ள 50 சதத்தில் ஒரு பங்குகூடக் கைமாறவில்லை.

இதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. கேண்டிலைப் பார்க்கும்போது நிறத்தை விட்டுவிட்டு, நேற்றைய உடலின் முடிவு விளிம்பிலிருந்து இன்றைய முடிவு விளிம்புக்குக் கண்ணை ஓட்டுங்கள். பாரில் வலக்கோட்டிலிருந்து வலக்கோட்டுக்கு இதைச் செய்வது இன்னும் சுலபம். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் புதிதாகப் படிக்கிறவர்களுக்குக் கேண்டிலுக்கு முன் பாரைக் கற்றுக்கொடுக்கிறேன். ட்ரேடிங்வியூ என்ற வரைபடத் தளத்தைப் பயன்படுத்துகிறவர்கள் அமைப்புகளில் `Color bars based on previous close` என்பதைத் தெரிவு செய்தால் நிறம் நேற்றைய முடிவை வைத்து மாறும், புதன் சிவப்பாகிவிடும். ஆனால் அப்போது நிறம் தொடக்கத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. எந்தக் கேள்விக்கு நிறம் பதில் சொல்கிறது என்று தெரிந்து வைத்திருந்தால் இரண்டும் நல்லதுதான்.

படி 5: வியாழன், 45 ரூபாத் திரி

வியாழன் கேண்டிலுக்கு 50.00 முதல் 50.50 வரை சிறிய பச்சை உடல், கீழே 45.00 வரை ஐந்து ரூபா நீளத் திரி. இப்படியான கேண்டிலைப் பார்த்தவுடன் "கீழே தள்ளினார்கள், வாங்குபவர்கள் தூக்கிவிட்டார்கள், இனி ஏறும்" என்று சொல்லப் பலர் இருக்கிறார்கள். சொல்லுமுன் அந்த 45 ரூபாவில் எத்தனை பங்குகள் கைமாறின என்று பார்க்க வேண்டும்.

பரந்தன் லொறிக்காரரின் அன்றைய ஆகக் குறைந்த விலை, நனைந்துபோன ஒரு மூட்டைக்குக் கொடுத்ததாக இருக்கலாம். அதை வைத்து அன்று நெல் விலை விழுந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கொழும்பில் வணிகம் குறைந்த பங்குகளில் இது அடிக்கடி நடக்கும். வாங்க நிற்பவர்கள் குறைவாக இருக்கும்போது, ஒருவர் விலை குறிக்காமல் நூறு பங்கை விற்கப் போட்டால், அடுத்த வாங்கும் கட்டளை எவ்வளவு கீழே இருக்கிறதோ அங்கே போய் விழும். நூறு பங்குதான். ஆனால் அந்த நாளின் தாழ்ந்த விலை 45.00 என்று பதிவாகிவிடும். பாரிலும் கேண்டிலிலும் அது ஐந்து ரூபா நீளத்தில் நிற்கும்.

பரிசோதிக்க, அதே நாளை ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் ஒரு கேண்டில் வரும் ஐந்து நிமிட வரைபடத்தில் திறந்து, கீழே எத்தனை பங்குகள் கைமாறின என்று காட்டும் தொகைச் சலாகைகளையும் போடுங்கள். 45 ரூபாவைத் தொட்ட ஐந்து நிமிடத்தில் தொகை அன்றைய மொத்தத்தில் பெரிய பங்காக இருந்தால் அந்தத் திரி உண்மையான போராட்டம். மிகச் சிறிய சலாகையாக, அடுத்த ஐந்து நிமிடமே 50க்குத் திரும்பியிருந்தால் ஒரு தனி விற்பனைதான், அதன்மேல் எந்த முடிவையும் கட்டாதீர்கள். இங்கே கோட்டு வரைபடத்துக்கு ஒரு நல்ல குணம் வெளிப்படுகிறது. அது 45ஐக் கணக்கிலேயே எடுக்கவில்லை, 50.50 என்று மட்டும் சொன்னது. வணிகம் குறைந்த பங்கின் ஒரு வருடப் போக்கைப் பார்க்கக் கோடுதான் நேர்மையான படம்.

அப்படிப் பங்குகளில் இன்னொன்றும் காண்பீர்கள்: உடலும் திரியும் இல்லாமல் சின்னக் கிடைக்கோடு மட்டும். அன்று ஒரே விலையில் மட்டும் வணிகம் நடந்தது, நான்கு விலையும் ஒன்று. பாரிலும் அது சின்னக் கிடைக்கோடாகவே இருக்கும். இதைச் செவ்வாயின் டோஜியோடு குழப்பக்கூடாது. அங்கே பலத்த இழுபறி நடந்தது, இங்கே ஆளே இல்லை.

படி 6: ஐந்து நாளை ஒரு வாரமாக்குதல்

வாரக் கேண்டில் வரைய புதிதாக எதுவும் தேவையில்லை. தொடக்கம் திங்களின் தொடக்கம்: 50.00. முடிவு வெள்ளியின் முடிவு: 51.50. உச்சம் ஐந்து உச்சங்களில் பெரியது, செவ்வாயின் 55.00. தாழ்வு ஐந்து தாழ்வுகளில் சிறியது, வியாழனின் 45.00. இந்தக் கேண்டிலுக்கு ஒன்றரை ரூபா பச்சை உடல், மேலே மூன்றரை ரூபாத் திரி, கீழே ஐந்து ரூபாத் திரி. நூறு பங்கின் ஒற்றை விற்பனை இப்போது வாரப் படத்துக்குள்ளும் ஏறிவிட்டதைக் கவனியுங்கள். மாதப் படத்திலும் அது தொடரும். புதனின் தாவல் மட்டும் மறைந்துவிட்டது, ஏனென்றால் அது நாட்களுக்கு நடுவே இருந்தது.

எக்செல்லில் செய்கிறவர்கள் நாள், தொடக்கம், உச்சம், தாழ்வு, முடிவு என்ற ஒழுங்கிலேயே நிரல்களை வைக்க வேண்டும். `Open-High-Low-Close` வகை வரைபடம் தலைப்பைப் படிப்பதில்லை, ஒழுங்கை மட்டும் நம்புகிறது. எண்ணைத் தட்டும்போது தொடக்கமும் உச்சமும் இடம் மாறினால் படம் வந்துவிடும், ஆனால் பிழையாக வரும். A முதல் E வரை மேற்சொன்ன ஒழுங்கில் வைத்து F நிரலில் இதைப் போட்டால் பிழையான வரிசையில் FALSE என்று காட்டிவிடும்:

```
=AND(C2>=MAX(B2,E2),D2<=MIN(B2,E2))
```

படி 7: வெள்ளி, நான்கு எண்களும் சொல்லாதது

பார், கேண்டில் இரண்டாலும் முடியாத ஒன்று இருக்கிறது. வெள்ளி 50.50இல் தொடங்கி, உச்சம் 53.00, தாழ்வு 48.50, முடிவு 51.50. உச்சம் முதலில் வந்ததா, தாழ்வு முதலில் வந்ததா? வரைபடத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் தெரியாது. நான்கு எண்களில் நேரம் இருப்பது தொடக்கத்துக்கும் முடிவுக்கும் மட்டும்தான்.

ஒருவர் வெள்ளி காலை 50.50க்கு வாங்குகிறார் என்று வையுங்கள். 53.00 வந்தால் இலாபத்தோடு விற்பது, 49.00க்கு இறங்கினால் நட்டத்தோடு வெளியேறுவது என்பது அவர் திட்டம். விலை முதலில் 53க்கு ஏறிப் பிறகு 48.50க்கு இறங்கியிருந்தால் பங்குக்கு 2.50 இலாபம். முதலில் இறங்கிப் பிறகு ஏறியிருந்தால் 1.50 நட்டத்தோடு வெளியே நின்று, 53ஐ வேடிக்கை பார்த்திருப்பார். இரண்டு கதைக்கும் ஒரே பார், ஒரே கேண்டில்.

பழைய நாள் வரைபடங்களைப் புரட்டி, "இந்த முறையில் வாங்கியிருந்தால் இவ்வளவு கிடைத்திருக்கும்" என்று கணக்குப் போடுகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். ஒரே நாளுக்குள் இலக்கும் வெளியேறும் விலையும் இரண்டுமே தொடப்பட்டிருந்தால் அந்த நாளை இலாபக் கணக்கில் சேர்க்காதீர்கள். பதினைந்து நிமிட வரைபடம் கிடைத்தால் அதில் எது முதலில் தொட்டது என்று பார்க்கலாம். ஒரே பதினைந்து நிமிடத்துக்குள் இரண்டும் வந்திருந்தால் ஐந்து நிமிடத்துக்கு இறங்குங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் நட்டம் என்று எழுதிக்கொண்டு அடுத்த நாளுக்குப் போங்கள்.

நான் பார்க்கும் ஒழுங்கு இது. முதலில் கோட்டில் ஒரு வருடம், போக்கு எந்தப் பக்கம் என்று அறிய. கைபேசியின் சிறிய திரையில் ஒரு வருடக் கேண்டில் வெறும் பச்சை சிவப்புக் குப்பையாகத் தெரியும், அங்கே கோடே மேல். பிறகு கேண்டிலில் கடைசி இரண்டு மூன்று மாதம், ஒவ்வொரு உடலும் திரியும் தனித்தனியாகத் தெரியுமளவுக்கு விரித்து, கீழே தொகையோடு. ஏதாவது ஒரு நாளின் நிறமோ நீளத் திரியோ வாங்கத் தூண்டினால், கட்டளை போடுமுன் அந்த ஒரு நாளை மட்டும் ஐந்து நிமிட வரைபடத்தில் திறக்கிறேன்.